கையெழுத்து மட்டும் போதாத செக்: ஊரில் காசோலை கொடுக்கும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு

ஊரில் நிலமோ வீடோ வாங்கும் சிங்கப்பூர்த் தமிழர்கள் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. விடுமுறைக்குப் போகும்போது என்.ஆர்.இ. கணக்கின் செக் புத்தகத்தில் இரண்டு மூன்று தாள்களில் கையெழுத்து மட்டும் போட்டு, தம்பியிடமோ மச்சானிடமோ கொடுத்துவிட்டு வருவோம். பெயர், தொகை, தேதி எல்லாம் விலை படிந்த பிறகு அவர்கள் எழுதிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு மனை வாங்கியபோது அந்தப் பழக்கம் என்னைக் கைவிட்டது. 18,50,000 ரூபாய் செக், பத்திரம் பதிவான அன்று மாலையே திரும்பி வந்தது. கணக்கில் பணம் இருந்தது, கையெழுத்தும் சரிதான். செக்கில் இருந்த பெயரும் நான் வங்கிக்கு முன்கூட்டியே அனுப்பிய பெயரும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் காரணம்.

இந்த முன்கூட்டி அனுப்பும் ஏற்பாட்டுக்கு 'பாசிட்டிவ் பே' என்று பெயர். 2020 ஆகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கி இதை அறிவித்தது. செப்டம்பரில் விதிமுறை வந்தது, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக் கொடுப்பவர், அதன் முக்கிய விவரங்களைத் தன் வங்கிக்குத் தானே தெரிவிக்கலாம். செக் கிளியரிங்குக்கு வரும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இது கணக்கு வைத்திருப்பவரின் விருப்பம். ஆனால் 5 லட்சமும் அதற்கு மேலும் போகும் செக்குக்குக் கட்டாயமாக்கிக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு இடம் விட்டது, பல வங்கிகள் அப்படியே செய்துவிட்டன. பஞ்சாப் நேஷனல் வங்கி, 10 லட்சமாக இருந்த தன் கட்டாய வரம்பை 2023 ஏப்ரலில் 5 லட்சமாகக் குறைத்தது.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இது புதிதாகத் தெரிவதில் வியப்பில்லை. இங்கே செக் புத்தகத்தைக் கையில் எடுத்தே பல வருடங்கள் ஆகியிருக்கும். எல்லாமே பேநவ், ஃபாஸ்ட், ஜைரோ என்று மாறிவிட்டது. 2023-லிருந்து வங்கிகள் செக்குக்குக் கட்டணமும் வாங்குகின்றன. ஊரில் நிலம் வாங்கும்போது மட்டும் செக் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு. கிரயப் பத்திரத்தில் பணம் எப்படிக் கைமாறியது என்று எழுத வேண்டும். 'இன்ன வங்கி, இன்ன எண் காசோலை, இன்ன தேதி' என்று ஒரு வரி போட்டுவிட்டால், விற்பவர் கையில் செக்கும் வாங்குபவர் கையில் பத்திரமும் ஒரே மேசையில் மாறிவிடுகின்றன.

சரி, செக்கில்தான் எல்லாம் எழுதியிருக்கிறதே, அதையே இன்னொரு தடவை வங்கிக்கு ஏன் சொல்ல வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள, இப்போது செக் எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்க்க வேண்டும். உண்மையில் அது பயணமே செய்வதில்லை. முன்பெல்லாம் நீங்கள் கொடுத்த செக், வாங்கியவருடைய வங்கியிலிருந்து மூட்டையாகக் கட்டி உங்கள் கிளைக்கே வரும். அங்கே உங்களைத் தெரிந்த ஒரு அலுவலர் தாளைத் தடவிப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இந்தியாவில் 2008-இல் டெல்லியிலும் 2011-இல் சென்னையிலும் தொடங்கிய சி.டி.எஸ். முறையில் தாள் முதல் வங்கியிலேயே நின்றுவிடுகிறது. அதன் படம்தான் உங்கள் வங்கிக்குப் போகிறது. முன்பக்கத்துக்கு இரண்டு படம், பின்பக்கத்துக்கு ஒன்று. மூன்றுமே வண்ணம் இல்லாதவை.

இதில் ஒரு விசித்திரமான பிளவு ஏற்பட்டுவிட்டது. தாளைக் கையில் வைத்திருக்கும் வங்கிக்கு உங்கள் கையெழுத்து எப்படி இருக்கும் என்று தெரியாது. அதனால் புற ஊதா விளக்கில் பிடித்து, வங்கிச் சின்னம் தெரிகிறதா, நீர்க்குறி இருக்கிறதா, எழுத்து அழிந்த தடம் உண்டா என்று மட்டும்தான் பார்க்க முடியும். உங்கள் கையெழுத்து மாதிரியை வைத்திருக்கும் வங்கியிடம் தாள் இல்லை, கறுப்பு வெள்ளைப் படம்தான் இருக்கிறது. ரசாயனம் போட்டு எழுத்தைக் கழுவியிருந்தால் அந்தப் படத்தில் தெரியாமலே போகலாம். ஆளுக்குப் பாதி தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. மோசடிக்காரர்கள் நுழைந்தது இந்த இடைவெளியில்தான்.

செக் மோசடியில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று கழுவுவது. நீங்கள் 68,000 ரூபாய்க்கு ஒருவருக்குக் கொடுத்த செக் வழியில் களவு போகிறது. பெயரையும் தொகையையும் அழித்து, 6,80,000 என்று வேறு ஒரு பெயருக்கு எழுதுகிறார்கள். கையெழுத்து மட்டும் உங்களுடையதே, அதைத் தொடவில்லை. இன்னொன்று நகல் எடுப்பது. உங்கள் செக் எண்ணும் கணக்கு எண்ணும் ஒருவருக்குத் தெரிந்தால், அதே எண்ணில் இன்னொரு தாளை அச்சடிக்கிறார்கள். அசல் தாள் எழுதப்படாமல் உங்கள் அலமாரியிலேயே இருக்கும். பணம் போன பிறகுதான் அந்த எண்ணில் இன்னொரு செக் உலகத்தில் இருந்தது என்பதே உங்களுக்குத் தெரியவரும்.

இரண்டிலும் உண்மையை அறிந்த ஒரே ஆள் செக் கொடுத்தவர்தான். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் கொடுத்தேன் என்பது அவருக்குத் தெரியும். பாசிட்டிவ் பே கேட்பது அதை மட்டும்தான். செக் எண், தேதி, பணம் பெறுபவர் பெயர், தொகை ஆகியவற்றை வங்கிச் செயலியிலோ இணையத்திலோ குறுஞ்செய்தியிலோ ஏடிஎம்மிலோ தெரிவிக்கலாம். எந்த வழி உண்டு என்பது வங்கிக்கு வங்கி மாறும். வங்கி அதைத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் மையப் பதிவுக்கு அனுப்புகிறது. செக் படம் கிளியரிங்குக்குள் வரும்போது சி.டி.எஸ். இரண்டையும் ஒப்பிட்டு, முரண்பாடு இருந்தால் இரண்டு வங்கிகளுக்குமே கொடி காட்டுகிறது. கழுவிய செக்கில் பெயரும் தொகையும் மாறியிருப்பதால் இரண்டு இடத்தில் இடிக்கும்.

இனி என் செக் எங்கே இடித்தது என்று சொல்கிறேன். மனையை விற்றவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். திங்கட்கிழமை பதிவு என்று முடிவானது. பவர் பத்திரம் தம்பி பெயரில் இருந்ததால் நான் போக வேண்டியதில்லை. முந்தைய வியாழக்கிழமை பத்திர எழுத்தர் வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கையெழுத்திட்ட தாளில் தம்பி பெயரையும் தொகையையும் எழுதிவிட்டு, எண்ணையும் தேதியையும் போனில் சொன்னான். அன்று இரவே செங்காங் வீட்டில் உட்கார்ந்து செயலியில் விவரங்களைப் போட்டேன். எண், தேதி, தொகை மூன்றும் தம்பி சொன்னபடி. பெயரை மட்டும் அவனிடம் கேட்கவில்லை. பத்திர வரைவு கண்முன்னே இருந்ததால் அதிலிருந்தே எடுத்துக்கொண்டேன்.

தவறு நடந்தது அங்கேதான். பத்திரத்தில் அவர் பெயர் தந்தை பெயரோடு முழுமையாக விரிந்து இருந்தது. ஆசிரியர் தன் வங்கிக் கணக்கில் இருக்கிறபடி இனிஷியல் போட்டு எழுதச் சொன்னதால், தம்பி செக்கில் இனிஷியலோடுதான் எழுதியிருந்தான். ஒரே மனிதர்தான், ஆனால் பதிவில் ஒரு பெயர், தாளில் வேறொரு பெயர். திங்கள் மாலை தம்பி கூப்பிட்டான். "அண்ணே, செக் திரும்பிருச்சாம். வாத்தியார் ரொம்ப சங்கடப்படுறார்" என்றான். பத்திரம் பதிவாகிவிட்டது, பணம் வரவில்லை. அந்த மனிதர் நிலையில் இருந்து பார்த்தால் நிலமும் போய் பணமும் வராத ஒரு மாலை அது. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு இருக்கும் சிக்கல் தனிப்பட்டது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரைத்தான் ஒட்டிக்கொள்கிறோம். எடுத்துக்காட்டுக்கு முருகன் என்று ஒருவர் இருந்தால், இனிஷியல் முன்னால் வரலாம், பின்னால் வரலாம், முழுமையாக விரியலாம். சிங்கப்பூர் அடையாள அட்டையில் அது s/o என்று நடுவில் கோடு போட்டு வரும். ஆங்கிலத்தில் எழுதும்போது சுப்பிரமணியன், சுப்ரமணியம் என்று எழுத்தும் கூடும், குறையும். நிறுவனமாக இருந்தால் 'பிரைவேட் லிமிடெட்' என்பதைச் சுருக்கி எழுதுவதா விரித்து எழுதுவதா என்ற கேள்வி வரும். ஆளைப் பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்போது ஒன்றல்ல. ஆகவே எந்தப் பெயர் 'சரியான' பெயர் என்று யோசிக்கவே வேண்டாம். செக்கில் மையால் எழுதியிருப்பது எதுவோ, புள்ளி இடைவெளி உட்பட, அதையே பதிய வேண்டும். இதற்கு ஒரே நம்பகமான வழி, எழுதி முடித்த செக்கின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதிவது. போனில் கேட்டுப் பதிந்தால் ஒரு பூஜ்யம்கூட விட்டுப்போகும்.

பதிந்ததை அப்புறம் திருத்தலாமே என்று நானும் நினைத்தேன். என் வங்கியில் முடியாது, பல வங்கிகளில் இதுதான் நிலை. கிளியரிங்குக்கு வரும் நேரத்தில் எவரும் மாற்றிவிடக் கூடாது என்பதற்காக, அனுப்பிய விவரத்தைப் பூட்டிவிடுகிறார்கள். தவறாகப் பதிந்தால் அந்தச் செக்கை நிறுத்திவிட்டு வேறு செக் கொடுக்க வேண்டும். செக்கையே திருத்திக் கையெழுத்துப் போடலாமா என்றால் அதுவும் கிடையாது. சி.டி.எஸ். முறையில் பெயரிலோ தொகையிலோ திருத்தம் செய்த செக்கை ஏற்பதில்லை.

இன்னொன்றும் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. முரண்பாடு வந்ததும் வங்கி என்னைக் கூப்பிட்டிருக்கிறது. கணக்கில் பதிவாகியிருந்தது ஊரில் வாங்கிய பழைய எண். அந்த சிம், ரீசார்ஜ் செய்யாமல் மேசை இழுப்பறையில் கிடந்தது. எடுத்திருந்தால் "ஆமாம், ஒரே ஆள்தான்" என்று நான் சொல்ல ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கணக்கில் சிங்கப்பூர் எண்ணைப் பதிந்துகொள்ளப் பல வங்கிகள் அனுமதிக்கின்றன. அதற்கு ஒரு படிவமும் கொஞ்சம் அலைச்சலும் ஆகும். ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். செக்கை உறுதிசெய்யவென்று யார் கூப்பிட்டாலும், ஓடிபியோ கடவுச்சொல்லோ கேட்டால் அது வங்கி இல்லை. நீங்கள் எந்தச் செக் கொடுத்தீர்கள் என்று தெரிந்துகொள்ள வங்கிக்கு உங்கள் ஓடிபி தேவையில்லை.

நேரமும் இப்போது இறுகிவிட்டது. முன்பு செக்குகள் தொகுதியாகப் போகும், பணம் வர மறுநாள் ஆகும். காலையில் கொடுத்த செக்குக்கு இரவில் விவரம் பதிந்தாலும் சில சமயம் தப்பித்துவிடலாம். 2025 அக்டோபர் 4 முதல் அப்படி இல்லை. செக்கை ஸ்கேன் செய்த உடனே படம் போய்க்கொண்டே இருக்கிறது. செக் கொடுத்தவரின் வங்கி அன்று இரவு இந்திய நேரம் 7 மணிக்குள், அதாவது நமக்கு 9.30-க்குள், சரி அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். பதில் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. எனக்குத் தோன்றுவது இது: பேசாமல் இருந்தால் பணம் போய்விடும் என்ற நிலையில், சந்தேகம் வந்த செக்கை வைத்துக்கொண்டு யோசிப்பதைவிடத் திருப்பிவிடுவதுதான் வங்கிக்குப் பாதுகாப்பு. ஆகவே விவரம் ஒரு முழு வேலை நாளுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். வேலை நாள் என்றால் இந்திய வேலை நாள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் அங்கே வங்கி கிடையாது. அப்படிப்பட்ட வாரத்தில் வெள்ளி இரவு 11 மணிக்கு இங்கிருந்து பதிந்துவிட்டுத் திங்கள் காலை செக்கைப் போடச் சொன்னால், நடுவில் இரண்டு நாள் இருப்பதுபோலத் தெரியும், வேலை நாள் என்று ஒன்றுகூட இருக்காது.

இத்தனை சிரமம் கொடுக்கும் இந்த முறை எதைக் காப்பாற்றாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கையெழுத்தை இது பார்ப்பதில்லை, அது வழக்கம்போலத் தனியாகச் சரிபார்க்கப்படும். கணக்கில் பணத்தை ஒதுக்கி வைப்பதும் இல்லை. பதிந்துவிட்டோம் என்பதால் செக் நிச்சயம் பாஸாகும் என்று விற்பவருக்கு வாக்குக் கொடுக்க முடியாது. 50,000-க்குக் கீழே இந்த ஏற்பாடு பொதுவாகக் கிடையாது.

என்னைக் கவலைப்பட வைப்பது நடுவில் இருக்கும் பகுதி, அதாவது 50,000-க்கும் 5 லட்சத்துக்கும் இடைப்பட்ட செக்குகள். இங்கே பதிவது உங்கள் விருப்பம். பதிந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பதியாத செக் வந்தால் பழைய முறைப்படி கையெழுத்தைப் பார்த்துப் பாஸ் செய்துவிடலாம். உங்கள் மௌனத்தை 'நான் இந்தச் செக்கைக் கொடுக்கவில்லை' என்று வங்கி எடுத்துக்கொள்வதில்லை. நகல் செக் அடிப்பவன் இதை அறிந்தவனாக இருந்தால் 4,90,000 என்றுதான் எழுதுவான். கொடுக்காத செக்கைப் பதிய முடியாதல்லவா? ஆகவே இந்த இடத்தில் பாசிட்டிவ் பே உங்களுக்கு அரைக் காவல்தான். கட்டாய வரம்புக்கு மேலேதான் அது முழுமையாக வேலை செய்கிறது: அங்கே பதிவில்லாத செக் என்றால் திரும்பித்தான் போகும்.

கொடுத்த செக்கைப் பதியாமல் விடுவதிலும் ஒரு இழப்பு உண்டு. செக் மோசடி என்று வந்து, பணம் கொடுத்த வங்கிக்கும் வசூலித்த வங்கிக்கும் தகராறு எழுந்தால், அதைத் தீர்க்க சி.டி.எஸ். அமைப்பில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பாசிட்டிவ் பே விதிப்படி வந்த செக்குகளை மட்டுமே அங்கே எடுத்துக்கொள்வார்கள் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இது வங்கிகளுக்கு இடையிலான விஷயம்தான். ஆனால் உங்கள் வங்கிக்கு அந்த வழி மூடிக் கிடந்தால், பணத்தை மீட்க உங்களுக்கும் நாள் கூடும்.

இப்போது எங்கள் கதையின் மிச்சம். ஆசிரியருக்குப் பணம் உடனே போக வேண்டும். ஆர்.டி.ஜி.எஸ். 2 லட்சத்திலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் 24 மணி நேரமும் போகும், 2020 டிசம்பரிலிருந்து அப்படித்தான். ஆனால் என் இணையக் கணக்கின் தினசரி வரம்பு 10 லட்சம். வரம்பை உயர்த்தக் கிளைக்கு எழுத வேண்டும். அதற்குள் தம்பியிடம் மிச்சமிருந்த இரண்டாவது தாளைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்தோம். செவ்வாய் காலை அவன் செக்கை எழுதி, நிழல் விழாமல் படம் எடுத்து அனுப்பினான். அடியில் வெள்ளைப் பட்டையில் இடது ஓரம் இருக்கும் ஆறு இலக்க எண்ணை, முன்னால் வரும் பூஜ்யங்களோடு பதிந்தேன். பெயரை இனிஷியலோடு, புள்ளி இல்லாமல், அவன் எழுதியபடியே போட்டேன். செயலி காட்டிய ஒப்புகையைத் தம்பிக்கும், அவன் வழியாக ஆசிரியருக்கும் அனுப்பினேன். புதன் முழுவதும் பொறுத்திருந்து வியாழன் காலை செக்கைப் போடச் சொன்னேன். அன்று இரவு எட்டரைக்குப் பணம் வந்துவிட்டதாக ஆசிரியரே கூப்பிட்டுச் சொன்னார்.

பத்திரத்தில் மட்டும் பழைய செக் எண் இருந்தது, திரும்பி வந்த செக்கின் எண். பின்னால் யாராவது இந்த மனைக்குப் பணமே கொடுக்கவில்லை என்று சொல்ல அது இடம் கொடுத்துவிடும். வழக்கறிஞர் சொன்னபடி, புதிய எண்ணையும் பணம் கிடைத்த தேதியையும் எழுதி ஆசிரியரிடம் ஒரு ரசீது வாங்கினோம். பிறகு அவரையே அழைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகம் போய்ப் பிழைத்திருத்தல் பத்திரமும் பதிவானது. தம்பியிடம் கையெழுத்துப் போட்ட தாள் இன்னும் ஒன்று இருந்தது. அதைக் குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதச் சொல்லி, செயலியில் அந்த எண்ணுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்தக் குறிப்பும் போட்டுவிட்டேன்.